சைத்தூன் துறைமுகத்துக் கற்கள்: வணிகப் பாதையில் சமயம் பரவியது எப்படி?

சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியன் மாநிலத்தில் உள்ள, அரபு வணிகர்கள் சைத்தூன் என்று அழைத்த சுவான்சோ நகரில் 1956இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281 ஏப்ரல் என்று அதில் காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. சம்பந்தப்பெருமாள் என்பவர் திருக்கதலீச்சுரம் உடைய நாயனாராகிய சிவனை ‘ஏறியருளப் பண்ணினார்’, அதாவது நிறுவினார் என்றும், செகாசைகான் ‘திருமேனிக்கு நன்றாக’ அவர் அவ்வாறு செய்தார் என்றும், அது கானின் ‘பிர்மான்படி’ நடந்தது என்றும் அக்கல் கூறுகிறது. இந்தக் கானை மங்கோலியப் பேரரசர் குப்லாய் என்று கொள்வது வழக்கம். ‘சீனாவுக்குச் சைவம் பரவியது’ என்று சொல்ல இந்தக் கல்லை எடுத்துக்காட்டுவோர் உண்டு. கல்லை நிதானமாகப் படித்தால் அதில் அப்படி எதுவும் இல்லை.

ஒரு சமயம் வணிகப் பாதை வழியே ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லும்போது, மூன்று வெவ்வேறு நிகழ்வுகளை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். அச்சமயத்தைப் பின்பற்றுவோர் அங்கே குடியேறியிருக்கலாம். அங்கிருந்த அரசு அவர்களுக்கு அனுமதியோ பொருளோ கொடுத்திருக்கலாம். உள்ளூர் மக்கள் தங்கள் சமயத்தை விட்டு அதை ஏற்றிருக்கலாம். மூன்றும் ஒரே வகைத் தடயத்தையே, அதாவது ஒரு கோயிலையோ பள்ளிவாசலையோ விட்டுச் செல்லும் என்பதால்தான் தொல்லியலில் இவற்றைப் பிரிப்பது கடினமாகிறது. கட்டடம் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் அதைக் கட்டியவர் யார், பணம் யாருடையது, உள்ளே வணங்கியவர் யார் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். சுவான்சோக் கல்வெட்டில் கட்டியவரின் பெயர் தமிழ்ப் பெயர், மொழி தமிழ், காலக்கணக்கு சக ஆண்டு. ஆகவே இது குடியேற்றம். ‘பிர்மான்’ என்ற பாரசீகச் சொல் ஆணையைக் குறிக்கிறது. நிலமோ பொன்னோ கொடுத்ததாகச் சொல்லவில்லை. ஆகவே அரசு அனுமதி இருந்தது, கொடை இருந்ததாகத் தெரியவில்லை. மதமாற்றம் பற்றிக் கல்வெட்டு வாய் திறக்கவே இல்லை.

இந்தத் துறைமுகத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சைவம், இஸ்லாம், கிறித்தவம், மானி சமயம் ஆகிய நான்கும் ஒரே நூற்றாண்டில் ஒரே ஊரில் கல்லில் பதிவாகியிருப்பதால், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடிகிறது. கிறித்தவத்துக்கு ஒரு கடிதமும் கிடைத்திருக்கிறது. பெருஜியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ என்ற பிரான்சிஸ்கன் துறவி அங்கே ஆயராக இருந்து, 1326 ஜனவரியில் இத்தாலிக்கு எழுதியது அது. அந்நகரில் செல்வம் மிக்க ஓர் ஆர்மீனியப் பெண்மணி பெரிய தேவாலயம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார் என்கிறார்: அது குடியேறியவரின் பணம். பேரரசர் தமக்கு ‘அலஃபா’ என்னும் படி தருகிறார் என்றும், ஜெனோவா வணிகர்கள் அதை ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு பொற்காசு மதிப்புடையதாகக் கணக்கிட்டனர் என்றும் எழுதுகிறார்: அது அரச ஆதரவு. யூதர்களிலும் முஸ்லிம்களிலும் ஒருவரும் மாறவில்லை, சிலை வணங்குவோர் பலர் திருமுழுக்குப் பெறுகின்றனர், ஆனால் அதன்பின் கிறித்தவ நெறியில் நேராக நடப்பதில்லை என்று வருந்துகிறார்: மதமாற்றத்தின் உண்மை நிலை அது. தம் வெற்றியைப் பெரிதாக்கிக் காட்ட ஒரு மதபோதகருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தும் அவர் இப்படி எழுதியதனால், இந்த வாக்குமூலத்தை நான் பெரிதும் நம்புகிறேன்.

முஸ்லிம்களைப் பொறுத்தவரை சான்று கல்லறைகளில் இருக்கிறது. சுவான்சோவின் அரபுக் கல்லறைக் கற்களில் இறந்தவரின் பெயரோடு ஊர்ப்பெயரும் வரும்: ஷீராசி, தப்ரீசி, இஸ்ஃபஹானி, குவாரஸ்மி என்று. பெயரின் இந்தப் பகுதியைக் கொண்டே அவரோ அவருடைய முன்னோரோ எங்கிருந்து வந்தவர் என்று அறியலாம். உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பங்கள் பெருகியதால், எண்ணிக்கை கூடியதை எல்லாம் மதமாற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. அருகிலுள்ள சென்தாய் ஊரின் திங் குலத்தார் அப்படி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களில் பெரும்பாலோர் தொழுகையை விட்டு நூற்றாண்டுகள் ஆகின்றன; ஆனாலும் முன்னோர்க்குப் படைக்கும்போது பன்றி இறைச்சி வைப்பதில்லை. சமயம் போன பிறகும் அது வந்து சேர்ந்த வழி அந்தப் படையலில் தங்கியிருக்கிறது.

இவற்றுக்கு நேர் எதிராக நடந்துகொண்டது மானி சமயம். மூன்றாம் நூற்றாண்டில் மெசொப்பொத்தேமியாவில் மானி தோற்றுவித்த இச்சமயத்தை மத்திய ஆசியாவின் சோக்டிய வணிகர்கள் சீனாவுக்குக் கொண்டுவந்தனர். 760களில், துருக்கிய இனத்தவரான உய்குர்களின் அரசர் போகு கான் இதைத் தழுவினார். அக்காலத்தில் சீனப் பேரரசு உய்குர்களின் படைபலத்தை நம்பியிருந்ததால், சீன நகரங்களில் மானி கோயில்கள் எழுந்தன. 840இல் உய்குர் அரசு வீழ்ந்தது. 843இல் சீன அரசு அச்சமயத்தைத் தடைசெய்தது. மூன்றே ஆண்டுகள்! அதுவரை கோயில்களைக் காத்து நின்றது அரச ஆதரவே என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் சமயம் முற்றிலும் அழியவில்லை. தெற்கே ஃபூஜியன் பகுதிக்குத் தப்பி வந்த போதகர்கள் வழியாகச் சீன விவசாயிகளிடம் பரவி, ‘ஒளியின் நெறி’ என்ற சீனப் பெயரோடு எவ்வித அரச உதவியும் இன்றி நிலைத்தது. சுவான்சோவுக்கு அருகே சாவோஆன் கோயிலில் 1339இல் செதுக்கிய மானி சிலை இருக்கிறது. புத்தரைப் போல் அமர்ந்திருக்கிறார். ஆனால் நேரான தாடி மார்பில் தொங்குகிறது, முதுகுக்குப் பின்னால் ஒளிக்கதிர்கள் விரிகின்றன. உள்ளூர் மக்கள் அவரை ஒரு புத்தராகவே கும்பிடுகின்றனர். வெளியூர்ப் பெயர்கள் மறைந்து, உள்ளூர் மொழியும் உருவமும் வந்துவிட்ட இந்த நிலைதான் மதமாற்றத்தின் தெளிவான அடையாளம்.

இந்த வேறுபாட்டைச் சரிபார்க்க வரலாறே ஒரு சோதனையை வைத்தது. 1357 முதல் 1366 வரை சுவான்சோவில் பாரசீகப் படையினரின் கிளர்ச்சி நடந்தது. அதன் முடிவில் வெளிநாட்டார் பலர் கொல்லப்பட்டனர். 1368இல் மங்கோலிய அரசே போயிற்று. அரசரின் படியில் நின்ற கிறித்தவமும் தமிழ் வணிகரை நம்பியிருந்த சைவமும் அவ்வூரிலிருந்து மறைந்தன. முஸ்லிம்கள் குறைந்தனர், ஆனால் வேரூன்றிய குடும்பங்கள் எஞ்சின. மானியை வணங்கியவர்கள் அடுத்த நூற்றாண்டிலும் சாவோஆன் பாறையில் அவர் பெயரைப் பொறித்தனர்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கல்லில் பெயர் பொறிக்கப் பணம் வேண்டும். ஓர் ஏழைச் சீனர் சிவனை வணங்கியிருந்தால் அதற்கு எந்தத் தடயமும் மிஞ்சியிருக்காது. ஆகவே தடயம் இல்லை என்பதை மதமாற்றம் நடக்கவே இல்லை என்பதற்கான சான்றாகக் கொள்ள முடியாது; சிவன் கோயில் திரும்பக் கட்டப்படவில்லை என்பதே கூடுதல் வலுவான சான்று.

சிவன் கோயிலின் கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போய்விட்டன. கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் நிற்கின்றனர். நகருக்கு வெளியே ஒரு சிற்றூரில், அக்கோயிலிலிருந்து வந்ததாகக் கருதப்படும் பெண் தெய்வச் சிற்பம் ஒன்றை ஊரார் கருணையின் பௌத்தத் தெய்வமான தங்கள் குவான்யின் என்றே நம்பி, அதன்முன் ஊதுவத்தி ஏற்றுகின்றனர்.