பட்டைகள் நெருக்கும்போது லாலிபாப் வரைபடம்: எங்கே கைகொடுக்கும், எங்கே ஏமாற்றும்

அறிக்கைகளுக்கு வரைபடம் போட்டுத் தருவது என் வேலை. அதில் திரும்பத் திரும்ப என் மேசைக்கு வரும் படம் ஒன்று உண்டு. முப்பது முப்பத்தைந்து பிரிவுகள், பிரிவுக்கு ஒரு பட்டை, எல்லாம் ஒரே அடர்நீலம், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நீளம். எண்களில் பிழை இருக்காது. ஆனால் பார்ப்பவர் கண் எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். "இதில் எது பின்தங்கியிருக்கிறது?" என்று கேட்டால், படத்தை விட்டுவிட்டு அட்டவணையைத் தேடுவார்கள்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். ஒரு நிறுவனத்தில் 32 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை சதவீதம் பேர் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். குறைந்தது 78, அதிகபட்சம் 96, சராசரி 88. பிரிவுப் பெயர்கள் நீளமானவை என்பதால் பட்டைகளைப் படுக்கையாகப் போடுகிறோம். 0 முதல் 100 வரையுள்ள அச்சுக்கு 500 பிக்சல் அகலம். வரிசைக்கு 20 பிக்சல், அதில் பட்டை 14, இடைவெளி 6.

இப்போது வண்ணம் எவ்வளவு பரப்பை அடைக்கிறது என்று பாருங்கள். சராசரிப் பட்டை 440 பிக்சல் நீளம். 32 பட்டைகளும் சேர்ந்து படப்பரப்பில் 62 சதவீதத்தை மூடிவிடுகின்றன. நாம் சொல்ல வந்த வேறுபாடு முழுவதும் 78-க்கும் 96-க்கும் நடுவில், அதாவது வலது ஓரத்து 90 பிக்சலுக்குள் இருக்கிறது. அதற்கு இடப்பக்கம் உள்ள 390 பிக்சல் எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி நிறைந்து கிடக்கிறது. அதுமட்டுமல்ல, கருமையும் வெள்ளையும் மாறி மாறி அடுக்கடுக்காக வரும்போது இடைவெளிக் கோடுகள் அதிர்வதுபோல் கண்ணுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தாலே களைப்பாக இருக்கும்.

அதே தரவை லாலிபாப்பாகப் போட்டால் பட்டையின் உடல் ஒரு மெல்லிய குச்சியாகச் சுருங்கி, மதிப்பு இருக்கும் இடத்தில் ஒரு வட்டப்புள்ளி வரும். குச்சியின் தடிமன் 1.5 பிக்சல், புள்ளியின் விட்டம் 10 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் வண்ணம் அடைக்கும் பரப்பு ஏழு சதவீதத்துக்கு இறங்கிவிடும். எண்கள் மாறவில்லை, அச்சு மாறவில்லை. ஆனால் கண் நேராகப் புள்ளிகளுக்குப் போகிறது.

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான ஓர் அளவுகோலின் மேல் இடத்தை ஒப்பிடுவதில்தான் மனிதர்கள் மிகத் துல்லியமாக இருக்கிறார்கள் என்று காட்டினார்கள். தனித்தனியே கிடக்கும் நீளங்களையும் கோணங்களையும் ஒப்பிடுவது அதற்குக் கீழே, பரப்பு அதற்கும் கீழே. பட்டை வரைபடத்திலும் நாம் உண்மையில் படிப்பது பட்டையின் நுனி நிற்கும் இடத்தைத்தான். லாலிபாப் அந்த நுனியை மட்டும் தூக்கிக் காட்டுகிறது.

வேறு இரண்டு லாபங்களும் உண்டு. முதலாவது, இலக்குக் கோடு. "எல்லாப் பிரிவும் 85-ஐத் தாண்ட வேண்டும்" என்று நிர்வாகம் சொல்லியிருந்தால் 85-இல் ஒரு செங்குத்துக் கோடு போடுவோம். பட்டைகளின் மேல் அது துண்டு துண்டாகத் தொலைந்துபோகும். லாலிபாப்பில் முழுதாகத் தெரியும், எந்தப் புள்ளி இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பது பார்த்தவுடன் புரியும். இரண்டாவது, பூஜ்யம். பட்டை வரைபடத்தில் மதிப்பு 0 என்றால் அங்கே எதுவும் வராது. தரவே வராத பிரிவுக்கும் எதுவும் வராது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். லாலிபாப்பில் பூஜ்யத்துக்கு அச்சின் மேல் ஒரு புள்ளி உட்கார்ந்திருக்கும். தரவு இல்லாத வரிசையில் அதுவும் இருக்காது, அங்கே "தரவு இல்லை" என்று எழுதிவிடலாம். பயிற்சியை ஒருவர்கூட முடிக்காத பிரிவும், விவரமே அனுப்பாத பிரிவும் ஒன்றாகிவிடக் கூடாது அல்லவா?

சரி, இனி கவனமாக இருக்க வேண்டிய இடங்களுக்கு வருவோம்.

முக்கியமானது, குச்சி எங்கே தொடங்குகிறது என்பது. குச்சி மெலிந்திருந்தாலும் அது நீளம்தான். பார்ப்பவர் அதன் நீளத்தை மதிப்பாகவே எடுத்துக்கொள்வார். ஆகவே பட்டைக்கு உள்ள விதி இதற்கும் உண்டு: அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். நம் உதாரணத்தில் அச்சை 70-இல் தொடங்கினால் என்ன ஆகும்? 78 பெற்ற பிரிவின் குச்சி 8 அலகு, 96 பெற்றதன் குச்சி 26 அலகு. ஒன்று மற்றதைப் போல மூன்றே கால் மடங்கு. உண்மையில் 96 என்பது 78-ஐவிட சுமார் 23 சதவீதம்தான் கூடுதல். பின்தங்கிய பிரிவின் மேலாளர் இந்தப் படத்தால் கூட்டத்தில் அநியாயமாகக் கேள்விக்குள்ளாவார். பட்டையில் இப்படி வெட்டினால் உடனே ஆட்சேபம் சொல்கிறவர்கள்கூட, லாலிபாப்பில் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பதால் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மென்பொருள் தானாகத் தேர்ந்த அச்சை அப்படியே ஏற்பதால்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. படத்தை அனுப்புவதற்கு முன் அச்சின் முதல் எண்ணை ஒருமுறை பாருங்கள்.

அப்படியானால் 78-க்கும் 96-க்கும் நடுவில் உள்ள வேறுபாட்டை விரித்துக் காட்டவே வழி இல்லையா? உண்டு. குச்சியை எடுத்துவிடுங்கள். கிளீவ்லாண்ட் பரிந்துரைத்த புள்ளி வரைபடம் அதுதான்: வரிசை முழுவதும் ஓடும் மெல்லிய வழிகாட்டிக் கோடும், அதன் மேல் ஒரு புள்ளியும். கோடு மதிப்போடு நிற்காமல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை போவதால் நீளம் எதையும் சொல்வதில்லை, இடம் மட்டுமே பேசுகிறது. அங்கே அச்சு 70-இல் தொடங்கினாலும் ஏமாற்று இல்லை. என் அனுபவத்தில் லாலிபாப் வேண்டும் என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். மொத்த அளவையும் காட்ட வேண்டுமா, வேறுபாட்டை மட்டும் காட்ட வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொண்டால் எது பொருந்தும் என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது புள்ளியின் அளவு. பட்டைக்கு நேரான விளிம்பு இருக்கிறது, மதிப்பு அங்கேதான் முடிகிறது. வட்டத்தில் மதிப்பு மையத்தில் இருக்கிறது, பாதி வட்டம் அதைத் தாண்டி நீண்டிருக்கிறது. நம் படத்தில் 1 சதவீதத்துக்கு 5 பிக்சல், 10 பிக்சல் புள்ளியின் ஆரமும் 5 பிக்சல். அதனால் வெளி விளிம்பைப் பார்த்துப் படிப்பவர் 88-ஐ 89 என்று படிப்பார். புள்ளியை 20 பிக்சலாக்கி உள்ளே எண்ணை எழுதுகிறவர்கள் உண்டு. அப்போது பிழை 2 சதவீதம் ஆகிவிடும். அது மட்டுமல்ல, வரிசையின் உயரமும் 20 என்பதால் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றையொன்று தொடும், நாம் துரத்திய நெரிசல் திரும்ப வந்துவிடும். வரிசை உயரத்தில் பாதிக்கு மேல் புள்ளி போகாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். பிரிவில் எத்தனை பேர் என்பதைப் புள்ளியின் அளவால் காட்டலாமே என்ற யோசனையையும் இதே காரணத்துக்காக நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் பிழை ஒவ்வோர் அளவாகிவிடும். ஆட்களின் எண்ணிக்கையைப் பிரிவுப் பெயருக்குப் பக்கத்தில் எழுதினால் போதும்.

இங்கே பட்டையின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 88.2, 88.9 என்ற இரண்டு மதிப்புகள் அடுத்தடுத்து வந்தால் வித்தியாசம் மூன்றரை பிக்சல். நேரான விளிம்புகளில் அந்தச் சிறு படி தெரியும், இரண்டு வட்டங்களில் அது அவ்வளவாகத் தெரியாது. அந்த நுணுக்கம் முக்கியம் என்றால் எண்ணையே எழுதுங்கள்.

பைத்தான் மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் இதைப் போட ஏழெட்டு வரி போதும். `df` என்ற pandas அட்டவணையில் `dept` பிரிவுப் பெயர், `rate` சதவீதம்:

```python
import matplotlib.pyplot as plt
df = df.sort_values("rate")
y = range(len(df))
fig, ax = plt.subplots(figsize=(7, 8))
ax.hlines(y, 0, df["rate"], color="0.7", lw=1.2)
ax.plot(df["rate"], y, "o", ms=6, color="teal", clip_on=False)
ax.set_yticks(y, df["dept"])
ax.set_xlim(0, 100)
```

இதில் `sort_values` வரியை விட்டுவிடாதீர்கள். அகரவரிசையில் கிடக்கும் 32 லாலிபாப்புகள் பட்டையைவிட மோசமாக இருக்கும். புள்ளிகள் இங்கும் அங்கும் சிதறி, கண்ணுக்குப் பிடிமானமே இருக்காது. மதிப்பின்படி அடுக்கினால் புள்ளிகள் ஒரு வளைவாக அமையும், அதிலிருந்து விலகி நிற்கும் பிரிவு தானாகத் தெரியும். `clip_on=False` எதற்கு என்றால், அச்சு சரியாக 0-இல் தொடங்கும்போது பூஜ்ய மதிப்புள்ள புள்ளியின் பாதி வெட்டுப்படும். 100-இலும் அப்படியே. `set_xlim` இல்லாவிட்டால் மேட்பிளாட்லிப் இரு பக்கமும் கொஞ்சம் இடம் விடும், குச்சிகள் அச்சை ஒட்டாமல் அந்தரத்தில் தொடங்கும்.

எக்செல்லில் இதற்கென்று தனி வகை கிடையாது. சிதறல் வரைபடம் போட்டு, x-க்கு மதிப்பும் y-க்கு 1 முதல் 32 வரை வரிசை எண்ணும் கொடுங்கள். பிறகு Error Bars சேர்த்து, கிடைமட்டக் கோடுகளுக்கு Minus, No Cap, Percentage 100% என்று தேர்ந்தால் அவையே குச்சிகளாகிவிடும். கூடவே வரும் செங்குத்துக் கோடுகளை நீக்கிவிடுங்கள். அச்சின் குறைந்தபட்சத்தைக் கையால் 0 என்று வையுங்கள்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, எல்லாப் புள்ளிகளையும் சாம்பலாக விட்டு, 85-ஐத் தொடாத பிரிவுகளை மட்டும் அடர்வண்ணத்தில் காட்டினால் போதும். எண்களையும் அவற்றுக்கு மட்டும் எழுதலாம், கூட உச்சத்தில் இருப்பதற்கும் ஒன்று. 32 எண்களையும் எழுதினால் படம் அட்டவணையாகிவிடும்.

ஆறேழு பிரிவுகள்தான் என்றால் பட்டையே நல்லது, அங்கே நெரிசலே கிடையாது. ஒரு முழுமையின் உட்பகுதிகளை அடுக்கிக் காட்ட வேண்டுமென்றாலும் லாலிபாப் உதவாது, ஒரே குச்சியில் மூன்று புள்ளி வைத்தால் எதைக் கூட்டுவது என்று யாருக்கும் புரியாது. போன ஆண்டையும் இந்த ஆண்டையும் ஒப்பிட வேண்டுமென்றால், வரிசைக்கு இரண்டு புள்ளி வைத்து அவற்றுக்கு நடுவில் மட்டும் கோடு இழுங்கள். அந்தக் கோட்டின் நீளம் மாற்றத்தைச் சொல்கிறது, ஆகவே அங்கே பூஜ்ய அச்சும் கட்டாயமில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கணினித் திரையில் இதமாகத் தெரியும் வெளிர்சாம்பல் குச்சி புரொஜெக்டரில் மறைந்துபோகும். அப்போது புள்ளிகள் மட்டும் மிதக்கும், எந்தப் புள்ளி எந்தப் பெயருக்கு உரியது என்று பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. மேலே உள்ள `color="0.7"` என்பதை `"0.5"` ஆக்கி, கூட்டம் நடக்கும் அறையின் திரையிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.