கரு கலைந்த பிறகு மனைவிக்கு என்ன மெசேஜ் அனுப்புவது?

வண்ணாரப்பேட்டையில் ஆலோசகராக இருக்கிறேன். அடையாளங்களை மாற்றி ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். கணவருக்கு எண்ணூர் பக்கம் நைட் ஷிப்ட். பத்தாவது வார ஸ்கேனில் குழந்தைக்கு ஹார்ட் பீட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டி அண்ட் சி முடிந்து மனைவி தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறார். அவருக்கு அனுப்ப டைப் செய்து வைத்திருந்ததைக் கணவர் என்னிடம் காட்டினார்.

"கவலைப்படாத. நாள் ஆகுறதுக்குள்ள போனதே நல்லது. வேற டாக்டர் பார்க்கலாம். அடுத்த வருஷம் கண்டிப்பா நமக்கு பாப்பா."

பாசம் இல்லாமல் யாரும் இப்படி எழுத மாட்டார்கள். ஆனால் மனைவி அழுவது இந்தப் பாப்பாவுக்காக. அடுத்ததைப் பற்றிப் பேசினால் இது கணக்கிலேயே இல்லை என்றாகிவிடும். 'வேற டாக்டர்' என்றதும், அப்போ யாரோ தப்பு செய்திருக்கிறார்கள், ஒருவேளை நான்தானோ என்று மனம் தேட ஆரம்பிக்கும். மாடிப்படி ஏறினேனே, திருவொற்றியூர் ஹை ரோட்டில் ஷேர் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போனேனே என்று இங்கே வந்து சொல்லாத பெண்கள் குறைவு. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. அது பெரும்பாலும் கரு உருவாகும்போதே தற்செயலாக நேர்வது. படி ஏறியதாலோ ஆட்டோவில் போனதாலோ வருவதல்ல.

"நான் அழுதா அவ உடைஞ்சிடுவா மேடம்" என்றார். கணவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். மனைவிகளோ, "அவருக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கார்" என்கிறார்கள். நடந்ததை அப்படியே எழுதுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து இப்படி எழுதினார்:

"தூங்கினியா? எனக்கு அந்த ஸ்கேன் ரூமே ஞாபகமா இருக்கு. எனக்கும் தாங்கல. நீ எந்தத் தப்பும் பண்ணல. சொந்தக்காரங்க போன் பண்ணா எடுக்காத, நான் பேசிக்கிறேன். இதுக்கு பதில் போடணும்னு இல்ல. ஷிப்ட் முடிஞ்சு நேரா அங்கதான் வரேன்."

எனக்கு இதில் பிடித்தது சொந்தக்காரர்கள் விஷயம். எப்படி ஆச்சு, எத்தனை மாசம் என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வது பெரிய பாரம். அதை மட்டும் எடுத்துக்கொள்கிறார், துக்கத்தைச் சரிசெய்யப் பார்க்கவில்லை. வருகிறேன் என்றால் வந்துவிட வேண்டும், அது முக்கியம்.

பதிலாக "ம்" என்று மட்டும் வந்ததாம். போதும், "ஏன் சரியா பேச மாட்ற?" என்று கேட்காதீர்கள் என்றேன். சில மாதம் கழித்து, சொல்லியிருந்த பிரசவத் தேதி நெருங்கும்போது, அழுகை திரும்ப வரலாம். அப்போதும் இதே மாதிரி நாலு வரி எழுதலாம்.

ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைகிறது, காய்ச்சல் அல்லது நாற்றமுள்ள கசிவு இருக்கிறது என்றால் மெசேஜ் போட்டுக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம், சாப்பாடு இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். "நான் இருந்து என்ன பண்றது" என்று பேசினால் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். கணவரும் தனக்காகக் கூப்பிடலாம்.