ஈர மண்ணில் வாடும் கறிவேப்பிலை

வீடுகளுக்குச் சென்று செடிகளைப் பார்த்து ஆலோசனை சொல்வது என் தொழில். மூன்றாவது முறையாக அதே காட்சியைப் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன். உட்லண்ட்ஸில் ஒரு வீவக அடுக்குமாடியின் நான்காம் தளத்தில், வெயில் எட்டாத நடைபாதை ஓரத்தில், ஒரு கறிவேப்பிலைச் செடி தலைதொங்கி நின்றது. தொட்டியின் அடித்தட்டில் விளிம்பு வரை தண்ணீர். “காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் ஊற்றுகிறேன், தம்பி, அப்படியும் வாடுகிறதே” என்றார் அந்த வீட்டு அம்மா. வாடுவதால் அவர் ஊற்றினார். ஊற்றியதால் அது வாடியது.

இலை வாடினால் தண்ணீர் போதவில்லை என்று எல்லாரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒரு தொட்டி ஒரு நாளில் எவ்வளவு நீரைச் செலவழிக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இலைத்துளைகள்தாம். நாம் ஊற்றும் அளவுக்கு அதில் பங்கில்லை. இலையின் அடிப்புறத்தில் மிகுந்திருக்கும் இந்த நுண்துளைகள் ஒவ்வொன்றையும் இரண்டு காப்புச் செல்கள் அணைத்து நிற்கின்றன. அவை நீரேறி உப்பினால் வில்போல் வளைந்து துளை திறக்கும். நீர் இழந்து தளர்ந்தால் துளை மூடும்.

வெளிச்சம் இதில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒளியின் நீலப் பகுதியைக் காப்புச் செல்லே நேரடியாக உணர்ந்து, தன் சவ்விலுள்ள பம்புகளை முடுக்கி ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றுகிறது. அதனால் பொட்டாசியம் உள்ளே நுழைகிறது, அதைத் தொடர்ந்து நீரும் நுழைகிறது. மறுபுறம், ஒளிச்சேர்க்கை நடக்க நடக்க இலைக்குள் கரியமில வாயு குறைகிறது. அந்தக் குறைவும் துளையைத் திறக்கச் சொல்லும் அறிகுறியே. நிழலில் ஒளிச்சேர்க்கை மந்தமாக இருப்பதால் உள்ளே கரியமில வாயு அவ்வளவாகக் குறைவதில்லை, துளைகளும் குறைவாகவே திறக்கின்றன. (சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட் இரவில்தான் துளைகளைத் திறக்கும். அது கரியமில வாயுவை இரவில் அமிலமாகச் சேமித்துக்கொள்வதால், உள்ளே வாயு குறைவது அப்போதுதான். வெளிச்சம் மட்டுமே சாவி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

ஆகவே நடைபாதை நிழலில் இருக்கும் செடி, திறந்த வெயிலில் நிற்கும் அதே செடியைவிட மிகக் குறைவாகவே நீரைச் செலவழிக்கும். ஊரில் தோட்டத்துச் செடிக்கு ஊற்றிய அளவை இங்கே ஊற்றினால் மண் காயவே காயாது. மண்ணின் இடைவெளிகளை நீர் நிரப்பிவிடுவதால் வேருக்கு ஆக்ஸிஜன் கிடைப்பதில்லை. மூச்சுத் திணறும் வேர், சுற்றிலும் நீர் இருந்தும் அதை மேலே அனுப்பும் திறனை இழக்கிறது. இலைக்கு அது வறட்சியேதான். அப்போது கூடும் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன், காப்புச் செல்லில் அயனிகள் வெளியேறும் வழிகளைத் திறந்துவிடுகிறது. உப்புகள் வெளியேறுகின்றன, நீர் பின்தொடர்கிறது, துளை மூடுகிறது.

இங்கேதான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இலை தளர்ந்ததால் துளை தானாக மூடிக்கொண்டது என்பது தவறு. இலையைத் திடீரென்று வெட்டினால், சுற்றியுள்ள செல்கள் முதலில் தளர்ந்து இடம் விடுவதால், துளை சற்று நேரம் அதிகமாகத் திறப்பதும் உண்டு. மூடுதல் என்பது காப்புச் செல் தன் உப்புகளை வெளியேற்றிச் செய்யும் வேலை. இலை கண்ணுக்குத் தெரிய வாடும் முன்பே அது தொடங்கிவிடலாம். துளை மூடிய இலை நீரை மேலே இழுப்பதும் குறைந்துவிடுகிறது, எனவே மண் இன்னும் ஈரமாகவே கிடக்கிறது. அதன் மேல் நீங்கள் இன்னொரு குவளை ஊற்றுகிறீர்கள்.

அந்தச் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தபோது புளித்த வாடை வந்தது. பழுப்பு வேர்களை விரலால் இழுத்தால் தோல் கழன்று நூல் மட்டுமே மிஞ்சியது. அழுகியவற்றை வெட்டி, இலைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, மணல் கலந்த மண்ணில் சிறிய தொட்டிக்கு மாற்றினேன். ஏறத்தாழ ஆறு வாரத்தில் துளிர் விட்டது. வேர் முழுதும் அழுகியிருந்தால் இதுவும் பலித்திருக்காது.

தயவுசெய்து, குவளையை எடுக்கும் முன் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள், இலை எவ்வளவு தொங்கினாலும் சரி. மதிய வாட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு இலை நிமிர்ந்திருந்தால் கவலை வேண்டாம், ஈர மண்ணில் அப்போதும் தொங்கினால் வேரைப் பாருங்கள். இலைமேல் நீர் தெளிப்பது வேரின் சிக்கலைத் தீர்க்காது. வாடிய செடியை “வெயில் பட்டால் சரியாகிவிடும்” என்று சட்டென்று வெயிலில் வைக்கவும் வேண்டாம்: துளைகள் மூடியிருக்கும்போது இலையால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது, கருகிவிடும். அடித்தட்டு நீரை இன்றே கொட்டுங்கள். ஏடிஸ் கொசுவுக்காக எத்தனையோ முறை கேட்டதுதான், இந்த முறை வேருக்காகவும் கேட்கிறேன்.