மிகைகாண் சோதனை

‘சிக்னிஃபிகன்ஸ் டெஸ்ட்’ என்பதற்குத் தமிழ்ப் புள்ளியியல் பாடநூல்கள் தரும் சொல் மிகைகாண் சோதனை. ‘முக்கியத்துவச் சோதனை’ என்று எழுதுவோரும் உண்டு. அது வழிதவற வைக்கும். மூலமான லத்தீன் வினைக்கு ‘அடையாளம் காட்டு’ என்பதே பொருள். தற்செயலாக வரக்கூடிய அளவை மிஞ்சி ஏதேனும் தெரிகிறதா என்றுதான் இந்தச் சோதனை பார்க்கிறது. அந்த ‘மிஞ்சுதல்’ மிகை என்ற சொல்லில் அப்படியே இருக்கிறது. மூலத்தைவிடத் தமிழ்ச் சொல்லே தெளிவு என்பேன்.

இரு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு, அதாவது r, பூச்சியத்திலிருந்து உண்மையிலேயே விலகியதா என்ற கேள்வியில் இதன் பயன் நன்கு விளங்கும். சிறு கூறுகளில் r எப்படிப் பரவும் என்பதை ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய காசெட் 1908இல் ஆராய்ந்தார். முழுமையான நிறுவலை ஃபிஷர் 1915இல் தந்தார்.

கைப்பேசியில் படமெடுத்த ஓர் அட்டவணையில் ஆறு சோடிகள் இருப்பதாகக் கொள்வோம். x: 1, 2, 3, 4, 5, 6. y: 3, 5, 4, 6, 6, 7. இவற்றுக்கு r = 0.908. மக்கள்தொகையில் ஒட்டுறவு பூச்சியமே என்று முதலில் எடுத்துக்கொண்டு, இந்த வாய்பாட்டில் இடுகிறோம்:

```
t = r√(n−2) / √(1−r²)
```

விடை 4.33. சோடிகளின் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்தால் 4. t அட்டவணையில் 4-க்குரிய வரிசை, 5 விழுக்காட்டு மட்டத்தில், இருபுறச் சோதனைக்குத் தரும் எல்லை 2.776. விடை அதைத் தாண்டுவதால் மிகை உண்டு என்று முடிவு கட்டிவிடலாம் போலிருக்கிறது.

ஆனால் படமெடுத்த அட்டவணையின் அடியில் y-இன் கூட்டுத்தொகை 33 என்று அச்சாகியிருக்கிறது. நாம் படித்த எண்களைக் கூட்டினால் 31. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நான்காம் வரியில் இருப்பது 6 அல்ல, மங்கிய 8. திருத்திக் கணக்கிட்டால் r = 0.771, t = 2.42. எல்லைக்குள் வந்துவிட்டது, முடிவு தலைகீழ். நூறு சோடிகள் இருந்திருந்தால் ஓர் இலக்கம் இவ்வளவு ஆட்டம் காட்டியிருக்காது. படத்தின் ஓரத்தில் ஒரு வரி வெட்டுப்பட்டிருந்தாலோ, சாய்ந்த கோணத்தால் x ஒரு வரியும் y அடுத்த வரியுமாக இணைந்தாலோ கேடு இன்னும் பெரிது. வரிசை மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது என்பதால் பிந்தைய பிழை கூட்டிப் பார்த்தாலும் அகப்படாது. ஒவ்வொரு சோடியையும் படத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

எல்லைக்குள் வந்ததால் ஒட்டுறவு இல்லை என்று நிறுவப்பட்டுவிடவில்லை. ஃபிஷரின் z உருமாற்றத்தால் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டால் ஏறத்தாழ −0.11 முதல் 0.97 வரை நீள்கிறது. பூச்சியமும் அதற்குள் அடங்கும், மிக வலுவான ஒட்டுறவும் அடங்கும். எது உண்மை என்று சொல்ல ஆறு சோடிகள் போதாது.