ஹியூபர் எடை எல்லாத் தவறான புள்ளியையும் பிடிக்காது

"டேட்டாவில் அவுட்லையர் இருக்கிறது, அதனால் ரோபஸ்ட் ரிக்ரெஷன் போட்டுவிட்டோம்" என்ற ஒரு வரியோடு நிறைய அறிக்கைகள் என்னிடம் சரிபார்க்க வருகின்றன. நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: எந்தப் புள்ளிக்கு எவ்வளவு எடை கிடைத்தது? பெரும்பாலும் அதை யாரும் எடுத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு கருவியை அளவுதிருத்தம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த அளவு x 1 முதல் 9 வரை, கருவி காட்டியது y: 2.1, 3.9, 6.2, 7.8, 10.1, 11.9, 14.1, 16.0, கடைசியாக 38.0. முதல் எட்டையும் பார்த்தாலே சரிவு 2 என்று தெரிகிறது, ஒன்பதாவது 18-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஆனால் சாதாரண மீச்சிறு வர்க்கக் கோடு எச்சங்களை, அதாவது ஒவ்வொரு y-க்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசங்களை, வர்க்கமாக்கிக் கூட்டுவதால், அந்த ஒரே புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுத்து சரிவை 3.33 ஆக்கிவிடுகிறது.

1964-இல் பீட்டர் ஹியூபர் சொன்ன யோசனை எளிமையானது. எச்சம் சிறியதாக இருக்கும் வரை வர்க்கமாகவே தண்டனை கொடு, ஓர் எல்லையைத் தாண்டினால் நேர்கோடாக மட்டும் ஏற்று. கணக்கில் இது எடையாக வரும்: எல்லைக்குள் இருந்தால் எடை 1, வெளியே போனால் எல்லையை எச்சத்தின் அளவால் வகுத்த எண். அந்த எல்லை 1.345 × s, இங்கே s என்பது எச்சங்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு. பிழைகள் நார்மலாகவே இருந்தாலும் சாதாரண முறையின் திறனில் 95% கையில் நிற்கட்டும் என்று தேர்ந்தெடுத்த எண் 1.345. s-ஐத் திட்ட விலக்கமாக எடுத்தால் அவுட்லையரே அதை ஊதிப் பெரிதாக்கிவிடும், அதனால் எச்சங்களின் குறியை நீக்கி, இடைநிலை எடுத்து, 0.6745-ஆல் வகுக்கிறோம்.

நம் கணக்கில் முதல் கோட்டின் எச்சங்களுக்கு அந்த இடைநிலை 3.19, s 4.72, எல்லை 6.35. ஒன்பதாவது புள்ளியின் எச்சம் 12.45, ஆக அதன் எடை 0.51. மற்ற எட்டுக்கும் 1. இந்த எடைகளோடு மறுபடி கோடு போட்டால் சரிவு 2.83, எச்சங்கள் மாறும், எல்லை சுருங்கும், எடை 0.26 ஆகும், அப்புறம் சரிவு 2.48. இப்படியே சுற்றிச் சுற்றி 2.03-இல் வந்து நிற்கும்போது அந்தப் புள்ளியின் எடை வெறும் 0.015. முதல் சுற்றோடு நிறுத்தினால் பாதி வேலைகூட முடிந்திருக்காது.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது தவறை y-இலிருந்து x-க்கு மாற்றுங்கள். ஒன்பதாவது அளவீடு சரியாக 18.0 வந்தது, ஆனால் 9 என்று எழுத வேண்டிய x-ஐ யாரோ 90 என்று உள்ளிட்டுவிட்டார்கள். சாதாரணக் கோட்டின் சரிவு 0.12 ஆகிவிடும். சரி, ஹியூபர் காப்பாற்றும் என்று எடைகளைப் பார்த்தால், கோடு அந்தப் புள்ளியைத் தொட்டுக்கொண்டு போவதால் அதன் எச்சம் 0.92 தான், ஒன்பதிலும் அதுவே மிகச் சிறியது! எடை முழுசாக 1. முதல் சுற்றிலேயே எடை குறைவது முதல் புள்ளிக்கும் (0.88) எட்டாவதற்கும் (0.84), அதாவது குற்றமே செய்யாத இரண்டுக்கு. சரிவு கடைசி வரை 0.12-ஐ ஒட்டியே நிற்கும்.

ஹியூபர் எடை எச்சத்தை மட்டும்தான் பார்க்கிறது, x எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. அதைப் பார்ப்பது லீவரேஜ், அது இங்கே 0.99, அதிகபட்சமே 1 தான். ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

```r
library(MASS)
m <- rlm(y ~ x, maxit = 100)
round(cbind(w = m$w, h = hatvalues(lm(y ~ x))), 3)
```

எடை குறைந்த புள்ளி உங்கள் கண்ணில் தானாகவே படும். லீவரேஜ் மிக அதிகமாக இருந்தும் எடை 1 என்று காட்டுகிற வரிசைதான் ஆபத்தானது. அங்கே `rlm(y ~ x, method = "MM")` போட்டுப் பாருங்கள். அது மீச்சிறு வர்க்கக் கோட்டிலிருந்து தொடங்குவதில்லை, அதனால் பெரும்பான்மைப் புள்ளிகள் சொல்லும் கோட்டுக்கு அதனால் போக முடியும்.

ஆனால் உடனே அந்தப் புள்ளியைத் தூக்கி எறியவும் வேண்டாம். x உண்மையிலேயே 90 ஆக இருந்து, y 180 வந்திருந்தால் அப்போதும் லீவரேஜ் அதே 0.99, எடையும் 1 தான். சரிவைப் பற்றி மிக அதிகம் சொல்லும் புள்ளியும் அதுவே. வித்தியாசம் தெரிய, அதை விட்டுவிட்டு ஒருமுறை கோடு போடுங்கள். 180 என்றால் சரிவு 2-இலேயே நிற்கும், 18 என்றால் 0.12-இலிருந்து 2-க்குத் தாவும். தாவினால், மூலப் பதிவேட்டில் ஒன்பதாவது வரியில் x என்னவென்று எழுதியிருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டியதுதான்.