வட்டியில்லாத் தவணையில் வட்டி எங்கே இருக்கிறது?

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் உள்ள ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடைக்கு மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் குளிர்சாதனப் பெட்டி வாங்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் விலை 24,000 ரூபாய். கடைக்குள்ளேயே சிறு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் நிதி நிறுவனத்துப் பையன், “வட்டியே கெடையாதுக்கா, ஆறு மாசம் நாலாயிரம் நாலாயிரமா கெட்டுனாப் போதும்” என்கிறான். ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரங்களுடன் அரை மணி நேரத்தில் கடன் முடிந்துவிடுகிறது. பரிசீலனைக் கட்டணமாக 500 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியாக 90 ரூபாயும் வாங்கிக்கொள்கிறார்கள். அவன் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. ஆறு நான்காயிரம் இருபத்துநான்காயிரம்தான். ஆனால் இந்தக் கடனில் வட்டி இருக்கிறது, அவர் கையெழுத்திட்ட தாளில்தான் அது இல்லை.

நிதி நிறுவனம் கடைக்காரருக்கு 24,000 ரூபாயைக் கொடுப்பதில்லை. அவர்களுக்குள் முன்பே எழுதிக்கொண்ட ஒப்பந்தப்படி ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டே கொடுக்கிறது. அந்தப் பங்கு பொருளுக்குப் பொருள், தவணைக் காலத்துக்குத் தக்கபடி மாறும். நம் கணக்குக்கு 5 சதவீதம் என்று கொள்வோம். கடைக்காரரின் கணக்கில் 22,800 ரூபாய்தான் ஏறும். பரிசீலனைக் கட்டணம் 500 ரூபாயையும் கழித்தால், நிறுவனத்தின் கையிலிருந்து உண்மையில் போனது 22,300 ரூபாய். ஆறு மாதத்தில் திரும்பி வருவது 24,000 ரூபாய். வித்தியாசம் 1,700 ரூபாய். இதை ஏழரைச் சதவீதம் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் நான்காயிரம் ஒரே மாதத்தில் திரும்பிவிடுகிறது, கடைசி நான்காயிரம்தான் ஆறு மாதம் வெளியில் நிற்கிறது. சராசரியாகப் பார்த்தால் பணம் மூன்றரை மாதமே கடனில் இருக்கிறது. மூன்றரை மாதத்துக்கு ஏழரைச் சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 26 சதவீதம். முதல் தவணையைக் கடையிலேயே முன்பணமாக வாங்கிக்கொள்ளும் திட்டமாக இருந்தால், இதே தொகைகளுக்கு அந்த விகிதம் 36 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

கடைக்காரர் எதற்காக 1,200 ரூபாயை விட்டுக்கொடுக்கிறார்? தீபாவளி வரை காத்திருந்து வாங்க நினைத்தவர் இன்றே வாங்குகிறார். 17,000 ரூபாய்ப் பெட்டியைப் பார்க்க வந்தவர் 24,000 ரூபாய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறார். பணம் ஓரிரு நாளில் வந்துவிடுகிறது, வசூலிக்கும் கவலை நிறுவனத்துடையது. சில திட்டங்களில் இந்தப் பங்கைப் பெட்டியைத் தயாரித்த கம்பெனியே ஏற்றுக்கொள்கிறது. நம் ஊர்ப் பக்கம் பாத்திரமும் சேலையும் தெருவில் கொண்டுவந்து விற்ற தவணைக்காரர், வட்டியை விலையின் மேல் ஏற்றி வைத்தார். இங்கே வட்டி விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அது அங்கே இருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: “முழு ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?” கடைக்காரர் 1,200 ரூபாய் குறைக்க ஒப்புக்கொண்டால், தவணையில் வாங்குபவர் அந்தத் தள்ளுபடியைத்தான் வட்டியாகக் கொடுக்கிறார். ஒரு ரூபாய்கூடக் குறையாது என்றால், அந்தக் கடையில் தவணையில் வாங்குபவருக்கான செலவை ரொக்கத்தில் வாங்குபவரும் சேர்ந்து சுமக்கிறார் என்று பொருள்.

கடன் வாங்குபவருக்கு ஆண்டுச் செலவு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் டிஜிட்டல் கடன்களுக்கு விதித்தது. நல்ல விதிதான். ஆனால் அந்த விகிதம் வாங்குபவர் நிறுவனத்துக்குக் கட்டுவதை மட்டுமே கணக்கில் கொள்கிறது. மேலே சொன்ன கடனுக்கு அது 9 சதவீதத்துக்கும் குறைவாகவே வரும். கடையில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. ரொக்க விலையையும் தவணை விலையையும் ஒரே பில்லில் அருகருகே அச்சிட வைப்பதுதான் இதற்குச் சரியான மருந்து என்பது என் உறுதியான கருத்து.

26 சதவீதம் முழுவதும் லாபம் அல்ல. நிறுவனமும் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்குப் பணம் வாங்கித்தான் கொடுக்கிறது என்றால், இந்தக் கடனுக்கு அதன் செலவு சுமார் 650 ரூபாய். நூறு பேரில் மூன்று பேர் இரண்டு தவணையோடு நிறுத்திவிட்டால், அவர்களிடம் நின்றுபோகும் 48,000 ரூபாயை நூறு கடன்களின் மேல் பகிர வேண்டும். கடன் ஒன்றுக்கு 480 ரூபாய். கடையில் உட்காரும் பையனின் சம்பளம், சரிபார்ப்பு, வசூல் ஆகியவற்றுக்கு 400 ரூபாய் போனால், 1,700 ரூபாயில் எஞ்சுவது 170 ரூபாய்தான். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஆயினும் இடைவெளி எவ்வளவு மெல்லியது என்பதை இவை காட்டும். இப்போது நூறு பேரில் இருபது பேருக்கு ஒரு தவணை மட்டும் பவுன்ஸ் ஆகி, ஆளுக்கு 500 ரூபாய் அபராதம் விழுகிறது என்று வையுங்கள். மொத்தம் 10,000 ரூபாய், கடன் ஒன்றுக்கு 100 ரூபாய். எஞ்சிய 170 ரூபாய் 270 ரூபாய் ஆகிறது. மொத்த வரவில் சிறு துளியாகத் தெரியும் அபராதம், லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

இந்த இருபது பேர் ஏமாற்றுபவர்கள் அல்லர். பெரும்பாலும் சில நாள் தாமதித்துக் கட்டிவிடுபவர்கள். தவணைத் தொகை, கடன் வாங்கும்போதே கையெழுத்திட்டுக் கொடுத்த நாச் என்னும் வங்கி ஆணைப்படி, கணக்கிலிருந்து மாதத்தில் ஒரு குறிப்பிட்ட தேதியில், பொதுவாக முதல் வாரத்தில், தானாக எடுக்கப்படுகிறது. மாதச் சம்பளக்காரருக்கு ஏற்ற தேதி அது. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றும் பெண்ணுக்கு வாரக் கூலி. தாமிரபரணிப் பாசனத்தில் பயிர் வைப்பவருக்குக் காரும் பிசானமும் அறுத்தால்தான் பணம். ஐந்தாம் தேதி கணக்கில் 3,700 ரூபாய் இருந்து 300 ரூபாய் குறைந்தாலும் ஆணை முழுவதுமாகத் திரும்பிவிடும். அப்போது நிறுவனம் தன் அபராதத்தைப் போடும். வங்கியும் ஆணை திரும்பியதற்குத் தனியாக, 250 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்றால் 295 ரூபாய், பிடிக்கும். நிறுவனம் சில நாளில் மறுபடி ஆணையை அனுப்பி, அதுவும் திரும்பினால் வங்கிக் கட்டணம் இரண்டாம் முறையும் விழலாம். முந்நூறு ரூபாய் பற்றாததற்கு ஆயிரம் ரூபாய் போவது இப்படித்தான்.

அபராதம் கடனின் அளவைப் பொறுத்ததாக இல்லாமல் நிலையான தொகையாக இருக்கும்போது, அது சிறிய கடனில்தான் ஆழமாக வெட்டும். கைபேசிச் செயலியில் 2,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கி முப்பது நாள் கழித்துக் கட்டும் வகையில், விற்பவரிடம் நிறுவனத்துக்குக் கிடைப்பது 2 சதவீதம் என்றால் 40 ரூபாய். ஒரே ஒரு தாமதத்துக்கு 250 ரூபாய் வாங்கினால், ஒழுங்காகக் கட்டும் ஆறு பேரிடம் கிடைக்கும் வரவைவிட அது அதிகம்.

தவணை தவறினால் வட்டி விகிதத்தைக் கூட்டும் அபராத வட்டியை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தடைசெய்தது. 2024 ஏப்ரலிலிருந்து புதிய கடன்களில் அதை அபராதக் கட்டணமாக மட்டுமே வாங்கலாம். அது தவறின் அளவுக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும், அதை அசலோடு சேர்த்து மேலும் வட்டி போடக் கூடாது. ஆகவே கணக்கு விவரத் தாளை வாங்கிப் பார்க்கும்போது தேட வேண்டியது இதுதான்: தவறிய மாதத்துக்கு அடுத்த மாதம், கட்ட வேண்டிய அசல் நிலுவை அபராதத் தொகையின் அளவுக்குக் கூடியிருக்கிறதா? கூடியிருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லாவிட்டாலும் மறுத்தாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். தேதியைப் பொறுத்தவரை, ஆணையில் கையெழுத்திடும் முன்பே அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது நல்லது. கையெழுத்து விழுந்த பிறகு மாற்றுவது எளிதல்ல.