விநாடி முள் நாலு நாலாகத் தாவினால்

போன மாதம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் பழைய சுவிஸ் குவார்ட்ஸ் வாட்ச், மகன் வாங்கித் தந்தது. விநாடி முள் நாலு விநாடி அசையாமல் நின்றது. அப்புறம் ஒரே தாவலில் நாலு கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. "ஒரு கடையில் பேட்டரி போட்டு ஆறு மாசம்தான் ஆச்சு தம்பி. இப்போ மெஷினே போச்சு, மாத்தணும், 2,500 ரூபாய்ங்கிறாங்க. ஆனா நேரம் ஒரு நிமிஷம்கூடத் தப்பல. மெஷின் போயிருந்தா நேரம் எப்படிச் சரியாக் காட்டும்?"

சார் கேட்டது மிகச் சரியான கேள்வி. மெஷின் போகவில்லை. பேட்டரி தீரப்போகிறது என்று மெஷின்தான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

குவார்ட்ஸ் வாட்சுக்குள் இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஐசி என்ற ஒரு சிறிய சிப் அந்த அதிர்வை இரண்டு இரண்டாகப் பதினைந்து தடவை வகுத்து, விநாடிக்கு ஒன்று என்ற கணக்குக்குக் கொண்டுவருகிறது. அந்தக் கணக்குப்படி ஒவ்வொரு விநாடியும் மோட்டாரின் கம்பிச்சுருளான காயிலுக்கு ஒரு மின்துடிப்பு போகும். நம் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகவே அது நீடிக்கும். துடிப்பு வந்ததும் மோட்டாரின் குட்டிக் காந்தம் அரைச் சுற்று சுற்றும், முள் ஒரு கோடு நகரும். "டிக்" என்று நமக்குக் கேட்பது அதுதான்.

இதே ஐசிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவ்வப்போது பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துக்கொள்ளும். புது செல் 1.55 வோல்ட் தரும். அது 1.4 வோல்ட்டை ஒட்டிய ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் (எல்லை மெஷினுக்கு மெஷின் சற்று மாறும்) ஐசி துடிப்புகளைச் சேர்த்து வைக்கத் தொடங்குகிறது. மூன்று விநாடி சும்மா இருந்துவிட்டு, நாலாவதில் நாலு துடிப்பையும் அடுத்தடுத்து அனுப்பிவிடும். கூர்ந்து பார்த்தால் அந்தத் தாவலுக்குள் நாலு சிறு அசைவுகள் இருப்பது தெரியும்.

நிமிடத்துக்குப் பதினைந்து தாவல், தாவலுக்கு நாலு கோடு என்றால் மொத்தம் அறுபது. கணக்கு எங்கேயும் குறையவில்லை, அதனால்தான் நேரம் தப்பவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தான் இப்படி ஓடுகிறது என்று எங்கள் தொழிலிலேயே சிலர் சொல்வார்கள். அது தவறு. துடிப்பின் எண்ணிக்கை குறையாதபோது மிச்சம் எங்கிருந்து வரும்? கட்டியிருப்பவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, அவ்வளவுதான்.

சரி, ஆறு மாதத்துக்கு முன் போட்ட பேட்டரி எப்படித் தீர்ந்தது? பின்மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஈடிஏ 955 வகை மெஷின். அதற்கு உரியது 371 என்ற எண்ணுள்ள சில்வர் ஆக்சைடு செல். எஸ்.ஆர். 920 என்றாலும் அதே செல்தான். ஆனால் அதில் இருந்தது ஏ.ஜி. 6. அளவு அச்சு அசல் அதே, 9.5 மில்லிமீட்டர் அகலம். உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் வேறு: அல்கலைன். பொம்மைக்கும் லேசர் விளக்குக்கும் அட்டையோடு மலிவாக விற்கிறார்களே, அந்த ஜாதி.

மீட்டரை வைத்தேன். 1.34 வோல்ட்.

சில்வர் ஆக்சைடு செல் தன் ஆயுள் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே வோல்ட்டில் நிற்கும். தீரும் தறுவாயில்தான் மளமளவென்று சரியும். ஐசியின் எல்லை அந்தச் சரிவை மனதில் வைத்துத்தான் அமைக்கப்பட்டது. அதனால் சரியான செல் இருக்கும் வாட்சில் முள் தாவத் தொடங்கினால், மிச்சம் சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரம் என்பது என் அனுபவம். அல்கலைன் அப்படியில்லை. முதல் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வரும். பாதிகூடத் தீராத நிலையிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஐசிக்கு உள்ளே இருப்பது எந்த செல் என்று தெரியாது, வோல்ட் மட்டும்தான் தெரியும். எனவே எச்சரிக்கையை ஆரம்பித்துவிடும். "புது பேட்டரி போட்டும் தாவுது, அப்போ மெஷின்தான்" என்று அந்தக் கடைக்காரர் முடிவுக்கு வந்தது இப்படித்தான். ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செல்லின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எண்ணெய் காய்ந்து பல்சக்கரங்கள் இறுகியிருந்தால், சில மெஷின்களில் ஐசி முள்ளை நகர்த்த வலுவான துடிப்புகளை அனுப்பும். அப்போது நல்ல செல்கூடச் சீக்கிரம் தீரும். அதனால் மெஷின் இழுக்கும் மின்சாரத்தை அளந்தேன்: 1.3 மைக்ரோஆம்பியர். இரண்டரை, மூன்று என்று காட்டியிருந்தால் கழற்றிக் கழுவ வேண்டியிருந்திருக்கும். 1.3 என்பது ஆரோக்கியமான அளவு. 371 செல்லில் 40 மில்லிஆம்பியர்-மணி இருப்பதாக வைத்துக்கொண்டால், 30,000 மணி நேரத்துக்குச் சற்று மேலே வரும். அதாவது மூன்றரை வருடம்.

எல்லாக் குவார்ட்ஸ் வாட்சிலும் இந்த வசதி கிடையாது. மலிவான மெஷின்கள் பல, சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் நின்றுவிடும். விநாடி முள்ளே இல்லாத வாட்சிலும் இதைப் பார்க்க வழியில்லை. சுவர்க் கடிகாரத்தில் முள் ஒன்பது மணிப் பக்கம் மேலே ஏற முடியாமல் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருக்குமே, அது வேறு கதை. அங்கே யாரும் சமிக்ஞை தரவில்லை, முள்ளைத் தூக்கத் தெம்பு போதவில்லை. கைக்கடிகாரத்திலும் முள் தாவாமல் ஒரே இடத்தில் நடுங்கினால் நேரம் பின்தங்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு நாள் போதும்: செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு இரண்டு விநாடியாகத் தாவுவதும் உண்டு. பல ஜப்பானிய மெஷின்களின் வழக்கம் அது. ஆனால் வாட்ச் சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் வகையா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் அதற்குத் தேவை வெளிச்சம். ஜன்னலோரம் வைத்தால் சரியாகிவிடக்கூடும். அதற்குள் இருப்பது சார்ஜ் ஏறும் செல். அதை எடுத்துவிட்டு சாதாரண செல்லைப் போட்டுத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். சார்ஜ் ஏறக்கூடாத செல்லுக்குள் மின்சாரம் ஏறினால் அது உப்பும், கசியும்.

கசிவு என்றதும் ஒன்று. முள் தாவுகிறது, ஆனாலும் நேரம் சரிதானே என்று அப்படியே விட்டு, நின்ற பிறகும் பீரோவில் போட்டுவைப்பவர்கள்தான் அதிகம். தீர்ந்த செல்லிலிருந்து கசியும் காரம் தகட்டை அரிக்கும், காயில் கம்பியைத் தின்னும். அந்தக் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. அப்போது மெஷின் உண்மையாகவே போய்விடும். உடனே கடைக்குப் போக முடியாவிட்டால் நேரம் திருத்தும் சாவியை வெளியே இழுத்து வையுங்கள், மோட்டார் நிற்கும், செலவு குறையும். ஆனால் அது சில நாளுக்குத்தான்.

சாருக்கு 371 செல்லைப் பிளாஸ்டிக் ட்வீசரால் எடுத்துப் போட்டேன். உலோக ட்வீசர் இரண்டு முனையையும் தொட்டால் புது செல் அங்கேயே சக்தியை இழக்கும். நசுங்கிக் கிடந்த ரப்பர் வளையத்தையும் மாற்றினேன். முள் ஒவ்வொரு கோடாக நகரத் தொடங்கியது. சார் ஒரு நிமிடம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்மூடியின் உள்பக்கம் மார்க்கரில் தேதியையும் 371 என்றும் எழுதி மூடினேன். "மூணு வருஷத்துக்குள்ள மறுபடி தாவினா கொண்டு வாங்க சார், அப்போ எண்ணெயைப் பார்ப்போம்" என்றேன்.